பன்னிரண்டு மணி நேரத் துணை

காலை மணி எட்டு. சென்னைக்குத் தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டியுள்ள ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் இரண்டு கூட்டங்கள் எதிர் எதிராக வருகின்றன. கையில் சாப்பாட்டுப் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வெளியே போகிறவர்கள் ஒரு கூட்டம். காவலாளியின் புத்தகத்தில் பெயரும் மணியும் எழுதிவிட்டு உள்ளே வருகிற பெண்கள் இன்னொரு கூட்டம். வெளியே போகிறவர்கள் காரியாலயங்களுக்குப் போகிறார்கள். உள்ளே வருகிறவர்களில் சிலர் சமையலுக்கு வருகிறவர்கள், சிலர் பாத்திரம் துலக்க வருகிறவர்கள். மற்றும் சிலரோ, வெளியே போனவர்களின் தாய் தந்தையரைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்கள். இரவு எட்டு மணிக்கு மேல்தான் அவர்கள் வீடு திரும்புவார்கள்.

இந்த மூன்றாவது வகைப் பெண்களை நகரத்தில் ‘ஹோம் நர்ஸ்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் நர்ஸ் படிப்புப் படித்தவர்கள் அல்லர். நர்ஸ் என்றால் மூன்று ஆண்டு டிப்ளமாவோ நான்கு ஆண்டுப் பட்டமோ முடித்து, நர்ஸுகள் கவுன்ஸிலில் பெயரைப் பதிவு செய்துகொண்டவர். இவர்களோ முதியவர்களைக் குளிப்பாட்டவும், உணவூட்டவும், புரட்டிப் படுக்க வைக்கவும், பேச்சுத் துணையாக இருக்கவும் வருகிறவர்கள். ஏஜென்சிகளின் பாஷையில் ‘அட்டெண்டர்’.

இந்த உத்தியோகத்தைப் பற்றி வீட்டுக்காரர்களுக்கு ஒரு குறை உண்டு. “நல்ல ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை” என்பதே அது. இந்தப் பெண்களுக்கும் ஒரு குறை உண்டு. “வீட்டுக்காரர்கள் கொடுக்கிற பணம் எங்கள் கைக்கு வருவதில்லை” என்பது அவர்கள் சொல்வது. இவை இரண்டு தனித்தனிக் குறைகளாகத் தோன்றும். சற்றே கூர்ந்து பார்த்தால், இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பது விளங்கும். ஒரு வீட்டின் கதையைக் கொண்டே அதைப் பார்க்கலாம்.

ஒரு வீட்டின் கணக்கு

மூன்றாவது மாடியில் ஒரு குடும்பம். மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மருமகள் பாங்கில் அதிகாரி. மகனின் தாயாருக்கு எண்பத்தொரு வயது. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. தாமாகப் புரண்டு படுக்க அவரால் முடியாது. பேச்சும் குழறும். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏஜென்சி மூலம் ஒரு பெண்ணை அமர்த்தினார்கள்.

ஏற்பாடு இதுதான். நாள் ஒன்றுக்கு 850 ரூபாய் ஏஜென்சிக்குச் செலுத்த வேண்டும். மாதம் முப்பது நாளுக்கு 25,500 ரூபாய். அந்தப் பெண் வராத நாளில் ஏஜென்சி வேறொருவரை அனுப்பி வைக்கும். அந்த 850-ல் பெண்ணின் கைக்குப் போனது 600 ரூபாய், அதாவது மணிக்கு 50 ரூபாய். லீவு எடுத்தால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது. மாதத்தில் நான்கு நாள் ஓய்வெடுத்தால் அவளுக்குக் கிடைப்பது 15,600 ரூபாய்.

இந்த 600 என்ற எண்ணைக் குடும்பம் அறியாது. 850 என்ற எண் அந்தப் பெண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும். இரண்டையும் முழுதாக அறிந்த ஒரே இடம் ஏஜென்சி. அது செய்கிற காரியம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆள் தேடுகிறது, முகவரியும் அடையாளமும் சரிபார்க்கிறது, ஒருவர் வராவிட்டால் மற்றொருவரை அனுப்புகிறது. தனியாக ஒரு குடும்பம் இவ்வளவும் செய்வது கடினம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், யாரைப் பார்த்துக்கொள்ளப் போனாலும் அந்தப் பெண்ணுக்கு அதே 600 என்பதில்தான் வருகிறது.

எழுந்து நடமாடும் பெரியவர் ஒருவரின் வீட்டில் வேலை என்ன? மாத்திரை எடுத்துக் கொடுப்பது, மாடிப்படியில் கைபிடித்துச் செல்வது, மத்தியானம் சோறு போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்பது. படுக்கையோடு இருப்பவர் வீட்டிலோ, துணி மாற்ற வேண்டும், உடம்பு துடைக்க வேண்டும், இரண்டு மணிக்கு ஒரு தடவை ஐம்பது கிலோ உடம்பைப் புரட்ட வேண்டும். இரண்டுக்கும் கூலி ஒன்றேயானால், அனுபவம் பெற்ற பெண் எந்த வீட்டைத் தேர்ந்தெடுப்பாள்? யாருக்குப் பழகிய கை மிகவும் தேவையோ, அவர்கள் வீட்டில்தான் பழகாத கை வந்து சேருகிறது. அங்கேதான் ஆளும் அடிக்கடி மாறுகிறது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. கூலி வைத்த முறை அப்படி.

இருபத்து நான்கு நாளில் மூன்று பேர்

நாம் பார்க்கும் குடும்பத்துக்கு முதலில் வந்த பெண் கண்ணகி நகரிலிருந்து வந்தவள். ஏழு மாதம் இருந்தாள். பாட்டி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினால் சிறுநீர் வருகிறது என்று பொருள் என்பதை இரண்டாம் வாரத்திலேயே தெரிந்துகொண்டாள். இட்லியை ரசத்தில் ஊற வைத்துச் சிறு கரண்டியால் கொடுத்தால்தான் இறங்கும் என்பதையும் கண்டுபிடித்தாள். இவை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதல்ல. ஒருவரைப் பல நாள் பார்த்தால் மட்டுமே தெரிகிற செய்திகள்.

எட்டாம் மாதத்தில் நாளுக்கு 50 ரூபாய் கூட்டித் தரும்படி ஏஜென்சியைக் கேட்டாள். “எல்லாருக்கும் ஒரே ரேட்” என்று பதில் வந்தது. மறு வாரமே, தடி ஊன்றி நடமாடும் ஒரு தாத்தாவின் வீட்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். குடும்பத்தாருக்குத் தெரிந்ததெல்லாம், “அந்தப் பெண் இனி வர மாட்டாள், நாளை வேறு ஆள் வரும்” என்ற டெலிபோன் செய்தி ஒன்றுதான்.

அதன் பிறகு இருபத்து நான்கு நாளில் மூன்று பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் வந்த அன்று மருமகள் அவசரம் அவசரமாக ஐந்து நிமிஷம் விவரம் சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினாள். முன்னவர் பின்னவரைச் சந்திக்கவே இல்லை. எழுதி வைத்த குறிப்பும் இல்லை. மூன்றாவது பெண் வந்த இரண்டாம் நாள், உடம்பு துடைக்கும்போது பாட்டியின் முதுகுத்தண்டின் அடியில் கருத்த திட்டு ஒன்றையும் அதன் நடுவே தோல் உரிந்திருப்பதையும் கண்டாள்.

“அக்கா, நான் வந்தப்பவே இது இருந்திருக்கணும். நேத்து வெளிச்சத்துல பாக்கல. என் மேல பழி போட்டுடாதீங்க” என்றாள்.

“யாரும்மா உன்னைச் சொன்னாங்க? எப்போ வந்துச்சுன்னு தெரிஞ்சாத் தேவலைன்னுதான் கேக்கறேன்” என்றாள் மருமகள்.

எப்போது வந்தது என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. யார் முறையில் வந்தது என்றும் தெரியவில்லை. வந்து பார்த்த டாக்டர், சில நாட்களாகவே ஆரம்பித்திருக்க வேண்டும் என்றார்.

படுக்கைப் புண் எப்படி வருகிறது?

படுக்கைப் புண் என்பது அழுக்கினால் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் அதுவல்ல. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தோலும் சதையும் நெடுநேரம் நசுங்குவதால் அங்கே ரத்த ஓட்டம் நின்று போகிறது. அந்த இடம் உள்ளேயே செத்துப் போகிறது. ஈரம் பட்டு ஊறிய தோலாக இருந்தால் இன்னும் சீக்கிரம் உரியும். முதுகுத்தண்டின் அடி, இடுப்பின் இரு பக்கம், குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டையின் பின்புறம் ஆகிய இடங்களைத் தினந்தோறும் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால், நல்ல தோல் ஒரு கணம் வெளுத்துப் பிறகு நிறம் திரும்பும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் அதுவே புண்ணின் முதற்படி. ஆனால் நம்மவர்களின் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் இந்தச் சிவப்பும் வெளுப்பும் சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட ஓர் இடம் கருத்திருக்கிறதா, தொட்டால் சூடாகவோ, கல்போலவோ, கொழகொழவென்றோ இருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். மூன்று பெண்களும் தவற விட்டது இதைத்தான். அவர்கள் சிவப்பைத் தேடினார்கள்; வந்ததோ கருப்பு.

பொதுவாக இரண்டு மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது வழக்கம். பன்னிரண்டு மணி நேரத்தில் ஆறு முறை. காற்றுப் படுக்கை வாங்கிப் போட்டுவிட்டால் புரட்ட வேண்டாம் என்பது தவறு. அது உதவி செய்யுமே தவிர, புரட்டுவதற்குப் பதிலாகாது. சிவந்த இடத்தை எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பதும் கூடாது. நைந்து போன உள்சதை அதனால் மேலும் கெடும்.

இந்த வீட்டில் புண்ணுக்குக் கட்டுப் போட, படித்த நர்ஸ் ஒருவர் ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்தார். ஒரு முறைக்கு 500 ரூபாய். இரண்டு மாதத்தில் முப்பது முறை. ஆக 15,000 ரூபாய். முதல் பெண் கேட்டது நாளுக்கு 50 ரூபாய், அதாவது மாதம் 1,500. அந்த உயர்வைக் கொடுத்திருந்தால் கட்டுக்குச் செலவான பணத்தில் பத்து மாதம் கொடுத்திருக்கலாம். பாட்டி பட்ட வேதனை இந்தக் கணக்கில் சேரவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

இத்தகைய ஏற்பாட்டைச் சட்டம் கவனிப்பதில்லையா என்று கேட்கலாம். கவனிக்கிறது, ஆனால் வீட்டு வாசல் வரையில் வந்து நின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று ஒரு நல வாரியம் 2007-ம் ஆண்டில் ஏற்பட்டது. அதில் பதிவு செய்துகொண்டவர்களுக்குக் குழந்தைகளின் படிப்பு, திருமணம், பிரசவம், முதுமைக் காலம் ஆகியவற்றுக்கு உதவித் தொகை உண்டு. இது நல்ல காரியமே. ஆனால் ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம் என்பதை அந்த வாரியம் தீர்மானிப்பதில்லை. மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி அமலுக்குக் கொண்டுவந்தது. அவற்றில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, வீடுகளில் வேலை செய்வோரையும் அமைப்புசாராத் தொழிலாளராகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எனினும் எட்டு மணி நேர வேலை என்ற விதி தொழிற்சாலை, கடை, கம்பெனி போன்ற ஸ்தாபனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஒரு குடும்பத்தின் படுக்கையறைக்குள் தொழில் இன்ஸ்பெக்டர் வந்து மணி பார்ப்பதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் சட்டம் வாசற்படியைத் தெளிவாகத் தாண்டியிருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-ம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், குடியிருக்கும் வீட்டையும் ‘வேலை செய்யும் இடம்’ என்று பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. இத்தகைய புகாரை வீட்டுப் பணிப்பெண் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். வீடு வேலைத்தலமே என்று அதற்கு ஒத்துக்கொண்ட பிறகு, மணி நேரத்துக்கும் ஓய்வுக்கும் மட்டும் அது வேலைத்தலமல்ல என்பது எப்படிப் பொருந்தும்?

வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை ஒன்று 2011-ல் ஜினீவாவில் நிறைவேறியது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனால் இன்னும் ஊர்ஜிதம் செய்யவில்லை. 2025-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, வீட்டுப் பணியாளர்களின் உரிமைகளைப் பாதுகாக்கச் சட்டம் தேவையா என்று ஆராய ஒரு நிபுணர் குழு அமைக்கும்படி மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. சமையற்காரி, தோட்டக்காரர் என்று எல்லாருக்கும் பொதுவாகச் செய்கிற எந்தச் சட்டமும், முதியவரின் உடம்பைத் தொட்டுப் பணி செய்யும் இந்தப் பெண்ணின் விஷயத்தில் ஒரு கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும். புண் வந்தால், மருந்து தவறினால், பொறுப்பு யாருடையது? பெண்ணுடையதா, ஆளை அனுப்பிய ஏஜென்சியுடையதா, அமர்த்திய வீட்டுக்காரருடையதா? இன்றைய நிலையில் பணம் மூன்று கைகளில் போகிறது. பொறுப்பு ஒரு கையிலும் தங்குவதில்லை.

ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு காகிதமும்

இந்தக் குடும்பம் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. புண்ணுக்குக் கட்டுப் போட வந்த நர்ஸ் முதல் நாளே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வரச் சொன்னார். அதில் ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் புரட்டினோம், என்ன சாப்பிட்டார், எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தார், சிறுநீரின் நிறம் என்ன, மலம் போயிற்றா, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, தோலில் புதிதாக என்ன கண்டோம் - இவ்வளவுதான். எழுதத் தெரியாதவர்கள் கோடு போட்டுக் குறிக்கலாம். புதிய ஆள் வந்தால் முந்தைய மூன்று நாள் பக்கங்களைப் படித்துக்காட்டுவது வழக்கமாயிற்று.

இந்தப் புத்தகம் பொய் சொல்வதும் உண்டு. பன்னிரண்டு மணி நேரக் குறிப்பும் ஒரே மூச்சில் எழுதியதுபோல், ஒரே சாய்வில், சரியாக எட்டு, பத்து, பன்னிரண்டு என்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும். உண்மையாக எழுதிய பக்கத்தில் 10-20 என்றும் 12-40 என்றும் இருக்கும். மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பதும் ஒரு சோதனை. புத்தகத்தில் கண்ட கணக்கும் அட்டையில் மீதியும் ஒத்துப்போக வேண்டும். உணவூட்டும்போது அடிக்கடி இருமல், சாப்பிட்ட பின் தொண்டையில் தண்ணீர் புரள்வது போன்ற குரல் என்று எழுதியிருந்தால், உணவு மூச்சுக் குழாய்ப் பக்கம் போகிறதா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். உட்கார வைத்து ஊட்டி, அதன்பின் அரை மணி நேரம் சாய்க்காமல் இருப்பது அதற்காகத்தான்.

அடுத்தது காகிதம். முதலில் வந்த பெண்ணை மருமகளே தேடிப் போய்ப் பார்த்தாள். அவள் கேட்டது இரண்டே விஷயம். “பாத்திரம், துணி என் தலையில கட்டாதீங்க அக்கா. பாட்டியப் பாக்கறதுக்கே நேரம் சரியாயிருக்கு. ஞாயித்துக்கிழமை ஒண்ணு என் புள்ளைங்களுக்கு விடுங்க.”

ஏஜென்சியையும் சேர்த்துக்கொண்டு புதிதாக எழுதினார்கள். வேலை இன்னது என்று எழுதினார்கள். சமையல், பாத்திரம், துணி இல்லை. ஊசி போடுவதும், சிறுநீர்க் குழாய் மாற்றுவதும், புண்ணுக்குக் கட்டுவதும் படித்த நர்ஸின் வேலை, இவளிடம் சொல்லக்கூடாது என்றும் சேர்த்தார்கள். குடும்பம் நாளுக்கு 950 கொடுக்கும். அதில் 700 அவளுக்குச் சேரும் என்பதை இரண்டு பேரும் பார்க்கும்படி எழுதினார்கள். ஞாயிறு நான்கும் சம்பளத்தோடு கூடிய ஓய்வு. அந்த நான்கு நாள் 700-ஐக் குடும்பம் நேரே அவளிடம் கொடுக்கும். அன்று மாற்று ஆள் வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். இருபத்தாறு நாளுக்கு 24,700. நான்கு ஞாயிறுக்கு 2,800. ஆக 27,500 ரூபாய். முன்பு செலவான 25,500-ஐவிட 2,000 ரூபாய்தான் அதிகம். அந்தப் பெண்ணுக்கோ 15,600 என்பது 21,000 ஆயிற்று. வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்று ஆளுக்குக் கொடுத்துவந்த பணம் மிச்சமாயிற்று. அந்த நாட்களில் மகனும் மருமகளும் பாட்டியின் பக்கத்தில் இருக்கிறார்கள். இரவில் புரட்டுவதும் அவர்கள் முறையே. அலாரம் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு முறை எழுந்திருக்கிறார்கள்.

இது எல்லா வீட்டுக்கும் பொருந்திவிடும் என்று சொல்வதற்கில்லை. மாதம் 27,500 ரூபாய் இரண்டு சம்பளம் வரும் வீட்டால்தான் முடியும். ஒற்றைச் சம்பளக் குடும்பங்களில் இந்தப் பன்னிரண்டு மணி நேரமும் மருமகள் அல்லது மகளின் தலையிலேயே விழுகிறது. அதற்குக் கூலியும் இல்லை, நோட்டும் இல்லை. வாரம் ஒரு நாள் ஓய்வு கொடுத்தது சரி. பன்னிரண்டு மணி நேரம் பன்னிரண்டு மணி நேரமாகவே இருக்கிறது. அதைக் குறைக்க வேண்டுமானால் இரண்டு ஆள் வேண்டும். அந்தச் செலவைத் தாங்கச் சர்க்காரின் கை சேராமல் தனிக் குடும்பத்தால் ஆகாது.

பாட்டியின் புண் மூன்று மாதத்தில் ஆறியது. நோட்டுப் புத்தகம் இப்போது இரண்டாவதாக நடக்கிறது. இரவு எட்டு மணிக்கு அந்தப் பெண் கடைசி வரியை எழுதிவிட்டுக் கீழே இறங்குகிறாள். அவள் வீட்டிலும் ஒரு வயதான மாமியார் இருக்கிறார். பகல் முழுவதும் அவரைப் பார்த்துக்கொள்வது, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு, அவளுடைய பதின்மூன்று வயது மகள்.